வெள்ளைச் சட்டையில் ஒட்டும் கறுப்புத் துகள் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது 8 கிலோ டாப் லோடு வாஷிங் மெஷின். வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களாகத் துவைத்த துணியில் கறுப்புக் கறுப்பாகச் செதில் ஒட்டியிருக்கிறது. கறுப்புச் சட்டைகளில் வெள்ளைப் பஞ்சும் ஒட்டுகிறது. பஞ்சு வடிகட்டியைத் திறந்து பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. வினிகரும் சமையல் சோடாவும் போட்டு ஓடவிட்டேன், பலனில்லை. டிரம்மின் உள்ளே பளபளவென்று சுத்தமாகத்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் வீவக வீட்டில் இருக்கிறோம், மெஷினுக்குக் குளிர்ந்த தண்ணீர்க் குழாய் மட்டும்தான். ஆளை அழைத்துக் கழற்றத்தான் வேண்டுமா, நானே செய்ய வழியுண்டா?

பதில்:

நீங்களே செய்யலாம். பெரும்பாலும் கழற்றத் தேவையிருக்காது. ஒரு விடுமுறை நாளின் காலையிலிருந்து மாலைவரை இயந்திரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் அந்தச் செதில் என்னவென்று உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாக் கறுப்புத் துகளும் ஒன்றல்ல.

துணியிலிருந்து ஒரு செதிலை எடுத்து, ஈரமாக இருக்கும்போதே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேயுங்கள். அது நசுங்கி, சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் வழுவழுப்பாகப் பரவினால் அது அழுக்குப் படிவு. கழுவிவிடலாம். நசுங்காமல் ரப்பர்போல இழுபட்டு மீண்டால், உள்ளே ஏதோ ரப்பர் வளையமோ குழாயோ தேய்ந்து உதிர்கிறது என்று பொருள். அதை எந்த மருந்தும் சரிசெய்யாது, பாகத்தை மாற்றத்தான் வேண்டும். விரலில் நறநறவென்று உறுத்தி, காய்ந்ததும் செம்பழுப்பாகத் தெரிந்தால் துரு. உங்கள் விவரத்தைப் பார்த்தால், குறிப்பாகச் செதில் என்று நீங்கள் எழுதியிருப்பதால், முதல் வகைதான் என்று நினைக்கிறேன். இனி எழுதுவதெல்லாம் அதற்குத்தான்.

டிரம் பளபளவென்று இருக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்ப்பது உள் டிரம்மின் உள்பக்கம். அது ஒவ்வொரு முறையும் துணி உரசி உரசித் தானாகவே மெருகேறுகிறது. அந்த எஃகு டிரம்மைச் சுற்றி, வெளியே தெரியாமல், பிளாஸ்டிக்கால் ஆன இன்னொரு தொட்டி இருக்கிறது. தண்ணீர் உண்மையில் நிற்பது அந்த வெளித் தொட்டியில்தான். டிரம்மில் உள்ள துளைகள் வழியாக அது உள்ளும் புறமும் போய்வருகிறது. இரண்டுக்கும் இடையில் இருப்பது குறுகலான இடைவெளி. அங்கே துணி உரசுவதில்லை, வெளிச்சம் இல்லை, காற்றோட்டமும் இல்லை. டிரம்மின் வெளிச்சுவர், தொட்டியின் உட்சுவர், அடியில் சுழலும் தட்டின் கீழ்ப்பக்கம் ஆகிய மூன்று இடங்களில்தான் படிவு வளர்கிறது. தடிப்பு ஓர் அளவைத் தாண்டியதும் ஓரம் பெயர்ந்து, சுழலும் தண்ணீரில் துளை வழியே உள்ளே வந்து உங்கள் சட்டையில் உட்கார்ந்துகொள்கிறது.

அந்தப் படிவு எதனால் ஆனது என்று தெரிந்தால்தான் எதைப் போட்டால் கரையும் என்பது புரியும். அதன் அடித்தளம் கொழுப்பு. தோலிலிருந்து வரும் எண்ணெய்ப்பசை, தலையணை உறையிலும் துண்டிலும் ஏறிய தேங்காய் எண்ணெய், எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளின் துண்டு, இவையெல்லாம் சூடான தண்ணீரில் இளகிப் போய்விடும். நம் குழாயில் வருவதோ ஏறக்குறைய 28 பாகை செல்சியஸ் தண்ணீர். அதில் கொழுப்பு இளகாமல் சுவரில் ஒட்டுகிறது. அதன்மேல் கரையாமல் மிஞ்சிய சலவைத் தூள் சேர்கிறது. துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றும் வழக்கம் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். சலவைத் தூளின் மூலக்கூறுகள் எதிர்மின்சுமை கொண்டவை, மென்மையாக்கியின் மூலக்கூறுகள் நேர்மின்சுமை கொண்டவை. மிச்சமிருக்கும் இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மெழுகுபோலப் படியும். அந்த மெழுகில் பஞ்சு ஒட்டும், பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அந்த ஈரத்தில் பூஞ்சை வளரும். கறுப்பு நிறம் பூஞ்சை தருவது. வருடம் முழுவதும் புழுக்கமான ஊரில், மூடியை மூடியே வைத்திருக்கும் இயந்திரத்தில், ஆறு ஆண்டுகளில் இது வராமல் இருந்தால்தான் வியப்பு.

வினிகரும் சமையல் சோடாவும் பலிக்காததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒன்று அமிலம், மற்றொன்று காரம். இரண்டையும் சேர்த்தால் நுரைக்கும், பார்க்க மனநிறைவாக இருக்கும். நுரை அடங்கிய பிறகு மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். வினிகரைத் தனியாகப் போட்டாலும் அது கரைப்பது சுண்ணாம்புப் படிவை. கிணற்று நீரும் கடின நீரும் உள்ள ஊர்களில் அது தேவைப்படலாம். இங்கே கெட்டிலின் அடியைப் பாருங்கள், வெள்ளைப் பொருக்கு பெரிதாகப் படிவதில்லை. நம் இயந்திரத்தில் இருப்பது கொழுப்பும் பூஞ்சையும். அதற்கு வேண்டியது காரமும் சூடும் ஆக்சிஜனும்.

சூட்டை வெந்நீர் தரும், காரத்தையும் ஆக்சிஜனையும் சேர்த்துத் தருவது சோடியம் பெர்கார்பனேட் என்ற வெள்ளைத் தூள். கடைகளில் ஆக்சிஜன் பிளீச் என்ற பெயரில் கிடைக்கும். வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். கறை நீக்கும் தூள்கள் பலவற்றில் பெர்கார்பனேட் பாதிக்கும் குறைவாக இருக்கும், மீதி சோடாவும் நுரை தரும் பொருள்களும். நுரை நமக்கு வேண்டாம். வேறெதுவும் கலக்காத தூளாகப் பாருங்கள். அது வெந்நீரில் கரையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிகிறது. சோடா கொழுப்பை இளக்குகிறது. பெராக்சைடிலிருந்து வெளிவரும் ஆக்சிஜன் குமிழிகள் படிவின் பின்னால் புகுந்து அதைச் சுவரிலிருந்து தள்ளிப் பெயர்க்கின்றன. தேய்க்க முடியாத இடத்தில் நமக்காகத் தேய்ப்பவை அந்தக் குமிழிகள்தாம்.

ஒரு விஷயத்தில் அலட்சியம் கூடாது. குழாய்த் தண்ணீரில் இந்தத் தூள் மந்தமாகவே வேலை செய்யும். 40 முதல் 50 பாகை சூடு வேண்டும். 50-க்கு மேலும் போக வேண்டாம், உள்ளே பிளாஸ்டிக்கும் ரப்பரும் இருக்கின்றன. உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் அதைவிடக் குறைந்த வரம்பு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சில நிறுவனங்கள் ஆக்சிஜன் வகைத் தூளே வேண்டாம், நுரை பொங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். அப்படி இருந்தால் அவர்கள் சொல்லும் தொட்டித் துப்புரவு மருந்தை வாங்குவதே சரி.

குளிர்ந்த தண்ணீர்க் குழாய் மட்டும் இருக்கும் வீட்டில் சூட்டுக்கு என்ன வழி? உங்கள் இயந்திரம் அதிகபட்ச அளவில் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோ டாப் லோடு இயந்திரத்துக்கு இது ஏறக்குறைய சரியான கணக்குதான், மாதிரிக்கு மாதிரி கொஞ்சம் கூடும் குறையும். குளியலறை ஹீட்டரிலிருந்து 50 பாகையில் தண்ணீர் வந்தால், 38 அல்லது 39 லிட்டர் வெந்நீரும் மீதி குழாய்த் தண்ணீரும் சேர்ந்து 45 பாகை ஆகும். அதாவது பத்து லிட்டர் வாளியில் நான்கு வாளி. தூக்கி வரும்போதும் தொட்டியின் சுவரைச் சூடாக்குவதிலும் இரண்டு மூன்று பாகை குறையும். அதை ஈடுகட்ட ஒரு கெட்டில் கொதிநீர் போதும். உடனடியாகச் சூடாக்கும் வகை ஹீட்டர் உள்ள வீட்டில் குழாயை மெல்லத் திறந்தால் சூடு ஏறும், வாளி நிறைய நேரமாகும், பொறுமையாகப் பிடியுங்கள். ஹீட்டரே இல்லையென்றால் கொதிநீர் மட்டுமே 13 லிட்டர் தேவைப்படும், கெட்டிலில் ஏழெட்டு முறை. அந்த நிலையில் முதலில் இயந்திரத்தில் பாதிக்கு மேல் குழாய்த் தண்ணீர் நிரப்பிவிட்டுப் பிறகு கொதிநீரைச் சேருங்கள். காலியான தொட்டியில் கொதிநீரை நேராக ஊற்றக் கூடாது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் வாளி சுமக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

தூளின் அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம். 50 லிட்டருக்கு 500 கிராம், அதாவது அரை கிலோ. இது அதிகமாகத் தோன்றும். ஆறு ஆண்டுப் படிவுக்கு இரண்டு கரண்டி போட்டு ஓடவிட்டால், படிவு பாதி இளகி, மீதி தொங்கிக்கொண்டிருந்து, அடுத்த இரண்டு வாரத் துணியெல்லாம் முன்பைவிட மோசமாகும். செய்வதை முழுதாகச் செய்யுங்கள், இல்லையென்றால் தொடாமலே விடுங்கள் என்பது என் கருத்து.

தொடங்கும் முன் பஞ்சு வடிகட்டிகளைக் கழற்றி எடுத்துவிடுங்கள். டிரம்மில் துணி எதுவும் இருக்கக் கூடாது. நீளக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சிறிய வலைக்கரண்டி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் தூளுக்கு அடுத்தபடியாக முக்கியமான பொருள் அதுதான்.

காலை 9 மணிக்கு ஆரம்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வாளி வெந்நீரை டிரம்மில் ஊற்றுங்கள். நான்காவது வாளியில் 500 கிராம் தூளையும் கொட்டி, ஒரு கட்டையால் கலக்கி, உடனே ஊற்றுங்கள். கலக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டாம், அங்கேயே ஆக்சிஜன் வீணாகிவிடும். அதைவிட முக்கியம், கரைத்த தண்ணீரை எக்காரணத்தைக் கொண்டும் மூடிய பாட்டிலில் வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். இப்போது இயந்திரத்தில் ‘துவைத்தல்’ மட்டும் என்று தேர்ந்தெடுங்கள். அலசுதலும் பிழிதலும் வேண்டாம். தண்ணீர் அளவை நீங்களே அதிகபட்சத்துக்கு வையுங்கள், தானாகக் கணிக்கும் முறையில் விடாதீர்கள். இருக்கும் தண்ணீரை உணர்ந்து, குறைவதை மட்டும் இயந்திரம் நிரப்பிக்கொள்ளும். கெட்டில் கொதிநீரையும் இப்போது சேர்த்துவிடலாம்.

ஐந்து நிமிடம் ஓடட்டும். பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய சலவைத் தூள் மிச்சம் அதிகமிருந்தால் நுரை பொங்கி மேலே வரும். விளிம்பை நெருங்கினால் நிறுத்தி, அடங்கியதும் தொடருங்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், மேலே சில செதில்கள் மிதக்கும். நிறுத்திவிட்டு வலைக்கரண்டியால் அள்ளுங்கள். பிறகு மூடியை மூடி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். சில இயந்திரங்கள் நிறுத்தி வைத்துச் சற்று நேரமானதும் தாமாகவே அணைந்துவிடும். கவலை வேண்டாம், பொதுவாகத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். திரும்பப் போட்டு, மீண்டும் ‘துவைத்தல்’ மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும்.

10 மணிக்கு மூடியைத் திறந்தால் முதன்முதலில் பார்ப்பவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். ஊறவைத்த கடற்பாசி போல, நகத்தளவும் அதைவிடப் பெரியதுமாகக் கறுப்புத் தகடுகள் மேலே படர்ந்திருக்கும். அவற்றை அள்ளுங்கள். அள்ளி முடித்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால் அடியிலிருந்து இன்னும் ஒரு தொகுதி மேலே வரும். அதையும் அள்ளுங்கள். மறுபடி ஊறவிடுங்கள். இப்படி ஊறல், கலக்கல், அள்ளல் என்று மதியம் வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தால், தடவைக்குத் தடவை குறைந்துகொண்டே வரும். பிற்பகல் 2 அல்லது 3 மணி வாக்கில் தண்ணீர் ஆறிவிடும், குமிழியும் நின்றுவிடும். அதற்குப் பிறகு இரவு முழுவதும் ஊறவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆறிய தண்ணீரில் வேலை எதுவும் நடப்பதில்லை. மிதந்த அழுக்கு திரும்பவும் சுவரில் படியும். அடியில் டிரம்மைத் தாங்கும் பாகம் அலுமினியக் கலவையாக இருந்தால், காரத் தண்ணீரில் நெடுநேரம் நிற்பது அதற்கும் நல்லதில்லை.

அள்ளாமல் தண்ணீரை வெளியேற்றிவிடாதீர்கள். இந்த வேலையில் அதிகம் கெடுவது இங்கேதான். நம் ஊரில் இருக்கும் டாப் லோடு இயந்திரங்கள் பலவற்றில் தண்ணீரை இறைக்கும் பம்பு கிடையாது. அடியில் ஒரு வால்வு திறக்கும், தண்ணீர் தன் எடையால் குழாய் வழியாகத் தரை வடிகாலுக்குப் போகும். பெரிய தகடு ஒன்று வால்வின் வாயில் சிக்கிக்கொண்டால் வால்வு முழுதாக மூடாது. அப்புறம் துவைக்கும்போதே தண்ணீர் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும், இயந்திரம் நிரப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே கடைசியாக ஒருமுறை நன்றாக அள்ளிவிட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். வெளியேற்றும் முன் தரை வடிகாலின் மூடியைத் தூக்கி, அங்கே சிக்கியிருக்கும் பஞ்சையும் எடுத்துவிடுங்கள். குழாய் முனையில் ஒரு பழைய காலுறையைக் கட்டிவிடச் சிலர் சொல்வார்கள். ஆறு ஆண்டுப் படிவில் அது சில நொடிகளிலேயே அடைத்துக்கொண்டு தண்ணீர் பின்னுக்கு ஏறும். எனக்கு அது பிடிக்கவில்லை. வடிகாலின் ஓட்டைத் தட்டிலேயே பிடிபடட்டும், கையால் அகற்றுங்கள்.

தண்ணீர் இறங்கியதும் திரும்பக் குழாய்த் தண்ணீரை அதிகபட்ச அளவுக்கு நிரப்பி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மிதப்பதை அள்ளி, வெளியேற்றுங்கள். மேலே மிதப்பது நின்றுபோகும்வரை இதைச் செய்ய வேண்டும், வழக்கமாக இரண்டு மூன்று முறையில் நின்றுவிடும். டிரம்மின் மேல் விளிம்பில் இருக்கும் தடித்த பிளாஸ்டிக் வளையத்தின் கீழ்ப்பக்கத்தைத் தண்ணீர் தொடாது. அதை ஒரு துணியாலும் பழைய பல்துலக்கியாலும் கையால் துடையுங்கள், மின்செருகியை உருவிவிட்டு. சலவைத் தூள் போடும் பெட்டியையும் உருவி எடுத்துக் கழுவிவிடுங்கள். அதன் பின்புறத்திலும் இதே கறுப்பு இருக்கும்.

வேலை முடிந்ததா என்பதை நேராகத் துணியைப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு பழைய வெள்ளைத் துண்டை மட்டும் போட்டு, சலவைத் தூள் இல்லாமல், முழுச் சுற்று ஓடவிடுங்கள். துண்டின் சொரசொரப்பு மிச்சத் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு துகள் வந்தால் இயல்பு, அடுத்த சில சலவைகளில் ஓய்ந்துவிடும். அதுவரை வெள்ளைச் சட்டைகளைத் தள்ளிப்போடுங்கள். கைப்பிடி அளவுக்கு வந்தால் ஒரு வாரம் விட்டு இதே சிகிச்சையை இன்னொரு முறை செய்யுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது தொல்லை, பஞ்சு. வடிகட்டியில் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான். வடிகட்டி காலியாக இருந்தால் பஞ்சு வரவில்லை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பஞ்சு வந்துகொண்டுதான் இருக்கும், வடிகட்டிக்குத் தண்ணீர் போகவில்லை என்பதே அதன் பொருள்.

அது வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். அடியில் சுழலும் தட்டின் கீழ்ப்பக்கத்தில் துடுப்புகள் உண்டு. தட்டு சுழலும்போது அவை தண்ணீரை டிரம்மின் சுவரை ஒட்டியுள்ள ஒரு செங்குத்துக் கால்வாய் வழியாக மேலே தள்ளுகின்றன. அந்தக் கால்வாயின் மேல்வாயில்தான் வலைப்பையோ, பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்திய வலையோ இருக்கிறது. தண்ணீர் அதற்குள் கொட்டி, பஞ்சை விட்டுவிட்டுத் திரும்ப டிரம்முக்குள் விழுகிறது. தண்ணீர் மட்டம் குறைவாக இருந்தால் அது மேல்வாய்வரை ஏறாது. துணியை அமுக்கி அமுக்கி நிரப்பியிருந்தால் தண்ணீர் சுழலவே இடமிருக்காது. துடுப்புகளுக்கு இடையில் படிவும் பஞ்சும் அடைத்திருந்தால் தள்ளும் வலு போய்விடும். உங்கள் இயந்திரத்தில் இந்த மூன்றாவது காரணமும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நான் மேலே சொன்ன ஊறல் முடிந்ததும் வடிகட்டி தானாகவே வேலை செய்யத் தொடங்கினால் வியப்படையாதீர்கள்.

கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நான்கைந்து துணி மட்டும் போட்டு, நடுத்தர மட்டத்துக்குத் தண்ணீர் வைத்து ஓடவிடுங்கள். உங்கள் இயந்திரம் மூடி திறந்திருந்தாலும் துவைக்கும் வகையாக இருந்தால் நேராகப் பாருங்கள், கண்ணாடி மூடியானால் மூடியபடியே பார்க்கலாம். வடிகட்டியின் வாயிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டு ஊற்றுவது தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மட்டத்தை ஒரு படி உயர்த்துங்கள். தெரியும் மட்டம் எதுவோ, அதற்குக் கீழே இனிமேல் துவைக்காதீர்கள். தானியங்கிக் கணிப்பு, துணி காய்ந்திருக்கும்போது அதன் சுமையைப் பார்த்துத் தண்ணீரை முடிவு செய்கிறது. செயற்கை இழைத் துணிகள் எடை குறைவு, இடத்தை மட்டும் அடைக்கும். அவற்றுக்கு அது பெரும்பாலும் குறைவான தண்ணீரைத்தான் வைக்கும். கறுப்புச் சட்டைகள் துவைக்கும்போது மட்டத்தை நீங்களே ஒரு படி கூட்டி வைப்பது தண்ணீரை வீணாக்குவது ஆகாது. பஞ்சு ஒட்டிய சட்டையைத் திரும்பத் துவைப்பதுதான் வீண்.

வலையையும் சோதியுங்கள். சுத்தமாகத் தெரியும் வலைகூட அடைத்திருக்கலாம். மென்மையாக்கியின் மெழுகுப் படலம் கண்ணுக்குத் தெரியாமல் துளைகளை மூடிவிடும். குழாயடியில் பிடியுங்கள். தண்ணீர் தடையின்றிப் பாய்ந்தால் நல்லது. வலைமேல் தேங்கி ஓரமாக வழிந்தால், ஒரு கிண்ணம் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி பெர்கார்பனேட் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் தேயுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் பஞ்சு அதன் வழியே போய்விடும். கிழிந்த வலையைத் தைக்க முயலாமல் புதிதாக மாற்றுங்கள். சட்டத்தோடு கடையில் கிடைக்கும். இயந்திரத்தின் பின்புறமோ மூடிக்கு அடியிலோ உள்ள ஒட்டுத்தாளிலிருந்து மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய வடிகட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பவை கொக்கியில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் சரியாக உட்காராது, துவைக்கும்போது கழன்று துணியோடு சுழலும்.

வடிகட்டியைச் சுத்தம் செய்யும் வேளையும் கவனிக்க வேண்டியது. ஈரமாக இருக்கும்போது பஞ்சு களிபோல ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். கழற்றிச் சன்னல் ஓரத்தில் வைத்து, அரைகுறையாகக் காய்ந்ததும் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே தகடாக உரிந்துவிடும். துண்டும் போர்வையும் துவைத்த நாளில் கட்டாயம், மற்ற நாள்களில் ஒன்றிரண்டு சலவைக்கு ஒருமுறை. பஞ்சு பெரும்பாலும் துண்டிலிருந்து வருவதுதான். அதைக் கறுப்புச் சட்டையோடு போட்டால் எந்த வடிகட்டியாலும் ஈடுகொடுக்க முடியாது.

திரும்ப வராமல் இருக்க நான் வற்புறுத்துவது இரண்டே விஷயம். முதலாவது, சலவைத் திரவத்தின் அளவு. பாட்டில் மூடியில் உள்ள கோடு பெரும்பாலும் முழுச் சுமைக்கும் கனமான அழுக்குக்கும் போட்டது. அலுவலகச் சட்டைகளுக்கு அதில் பாதி போதும். கடைசி அலசலில் தண்ணீர் இன்னும் நுரைத்தால் அளவு கூடுதல் என்று அர்த்தம். மென்மையாக்கியை விட்டுவிட்டால் மிக நல்லது, விட முடியாதென்றால் துண்டுகளுக்கு மட்டுமாவது ஊற்றாதீர்கள், அது துண்டின் ஈரம் உறிஞ்சும் தன்மையையும் கெடுக்கிறது. இரண்டாவது, மூடி. துணியை எடுத்த பிறகு குறைந்தது அரை நாள் திறந்து கிடக்கட்டும். வடிகட்டியும் வெளியே காயட்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் முழுதாகத் திறந்து வைக்க முடியாதென்றால், அவர்கள் உறங்கும் இரவு நேரத்தில் திறந்து வையுங்கள். எண்ணெய்த் துண்டுகளையும் தலையணை உறைகளையும் தனியாகச் சேர்த்து, வாரம் ஒருமுறை இரண்டு வாளி வெந்நீர் ஊற்றித் துவைத்தால் கொழுப்பின் வரத்தே பாதி குறைந்துவிடும். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதே ஊறலை 250 கிராம் தூளோடு இரண்டு மணி நேரம் செய்தால் போதும். படிவு தடிக்கும் முன்பே போய்விடுவதால் அள்ளவும் பெரிதாக ஒன்றும் இருக்காது.

குளோரின் பிளீச் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது உங்களுக்கு அதைப் பரிந்துரைப்பார்கள். அது குளிர்ந்த தண்ணீரிலும் பூஞ்சையைக் கொல்லும், அதில் குறையில்லை. ஆனால் கொழுப்புப் படிவைப் பெயர்ப்பதில் பெர்கார்பனேட்டுக்கு ஈடாகாது. கறுப்பு வெளுத்து, செதில் அங்கேயே இருக்கும். ஏற்கெனவே வினிகர் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். குளோரின் பிளீச்சும் வினிகரும் ஒன்று சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். வீவக வீட்டின் ஒடுக்கமான சமையலறைப் பின்கட்டில் அது உயிருக்கே ஆபத்து. பெர்கார்பனேட்டோடும் அதைக் கலக்காதீர்கள், ஒன்றின் வேலையை மற்றொன்று அழித்துவிடும். எதைப் போட்டாலும் அதை மட்டும் போட்டு, நன்றாக அலசிய பிறகே அடுத்தது.

இரண்டு முறை ஊறவைத்தும் செதில் நிற்கவில்லையென்றால் அடித்தட்டைக் கழற்றிப் பார்க்கலாம். மின்செருகியை உருவிவிட்டு, தட்டின் நடுவில் உள்ள ஒற்றைத் திருகாணியை அதற்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் கழற்றி, தட்டை நேராக மேலே தூக்க வேண்டும். சில மாதிரிகளில் திருகாணிமேல் சிறு மூடி இருக்கும். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், தட்டின் துளைகளில் எதிரெதிராக இரண்டு உறுதியான கயிறுகளைக் கோத்து ஒரே நேரத்தில் இழுங்கள். அடியில் பஞ்சு மெத்தையும் கொண்டை ஊசியும் இருபது காசும் கிடைக்கும். திருகாணி துருவேறி அசையவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தலை மழுங்கிவிட்டால் பழுதுபார்ப்பவருக்கும் சிரமம், உங்களுக்குச் செலவும் கூடும். டிரம்மையே வெளியே எடுக்கப் பெரிய திருகுமறையைக் கழற்றும் தனிக் கருவி வேண்டும், அது வீட்டில் செய்யும் வேலையல்ல. ஆளை அழைக்கும்போது ‘தொட்டியைக் கழுவ வேண்டும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். டிரம்மை வெளியே எடுத்துக் கழுவுவாரா, மருந்து ஊற்றி ஓடவிடுவாரா என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டாவதுதான் என்றால், அதை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள்.